ஆளுக்கு ஒரு புத்தகம்: நடைபாதைக் கடையில் பாட்டியும் பேத்தியும் நிற்கும் சிறுகதையை எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

கூட்டம் நெரியும் ஒரு பழைய புத்தகக் கடையில் பாட்டியும் பேத்தியும் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுக்கிறார்கள் என்ற ஒற்றை வரியை 1,200 முதல் 1,500 சொற்களுக்குள் அடங்கும் சிறுகதையாக வளர்ப்பது எப்படி என்பதை, ஒரே எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுசென்று இங்கே விளக்குகிறேன். இந்த வரியைக் கேட்டவுடன் புத்தகத்தின் பெருமையையோ பாட்டியின் பாசத்தையோ எழுதத் தோன்றும். ஆனால் கதை அந்த இரண்டிலும் இல்லை. "ஆளுக்கு ஒன்று" என்ற கணக்கில்தான் இருக்கிறது. நினைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போகலாம் என்றால் அங்கே நடப்பது வெறும் கொள்முதல். ஒன்றுதான் என்று ஆகிவிட்டால், கையில் எடுத்த ஒவ்வொன்றையும் கீழே வைக்க வேண்டிய கட்டாயம் வருகிறது, அப்படி வைக்கும்போது அந்த ஆள் யார் என்பது தெரிந்துவிடுகிறது. கீழே சொல்லப்படும் படிகள் யாவும் இந்த ஒரு கணக்கைக் காப்பாற்றுவதற்காகவே.

முதல் படி: இடத்தையும் நாளையும் முடிவுசெய்தல்

"ஒரு தெருவோரக் கடை" என்று பொதுவாக எழுதினால் பாத்திரங்களுக்கு நிற்க இடம் இருக்காது. நம் எடுத்துக்காட்டுக்குச் சென்னை திருவல்லிக்கேணியின் பாரதி சாலையை எடுத்துக்கொள்வோம். பெயர் மாறிப் பல காலம் ஆகியும் பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். மெரினாவை நோக்கிச் செல்லும் அந்தச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை மற்ற கடைகள் கதவை இழுத்து மூடியிருக்கும் இடங்களில் தார்ப்பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்புவார்கள். கடற்கரைக்குப் போகிற கூட்டமும் புத்தகம் பார்க்கிற கூட்டமும் ஒரே நடைபாதையைப் பங்குபோட வேண்டியிருப்பதால், நிற்கிறவரை நடக்கிறவர் இடித்துக்கொண்டே இருப்பார்.

இந்தத் தகவல்களைக் கதையின் முதல் பத்தியில் கொட்டிவிடக் கூடாது. அவை கதைக்குள் வேலை செய்ய வேண்டும். புத்தகங்கள் தரையில் கிடக்கின்றன என்பதே ஒரு நல்ல கருவி. எழுபது வயதுப் பாட்டிக்கு முட்டி மடங்காது. அவர் நின்றபடி மேலிருந்து பார்க்கிறார், அவருக்குத் தெரிவதெல்லாம் முதுகட்டைகள் மட்டும். ஒன்பது வயதுப் பேத்தி குந்தி உட்கார்ந்துகொள்வதால் அட்டைகளும் படங்களும் அவள் முகத்துக்கு நேராக இருக்கின்றன. ஒரே கடையில் இருவருக்கும் இரண்டு வேறு கடைகள் தெரிகின்றன என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். பாட்டி கேட்கிற புத்தகத்தைப் பேத்தி எடுத்து மேலே நீட்ட வேண்டியிருக்கிறது என்று காட்டினால் போதும்; அந்த நீட்டலில் கூட்டத்தின் கால்கள் குறுக்கே வரட்டும்.

கதையை முந்தைய காலத்தில் வைக்க விரும்புகிறவர்கள் சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட்டை நினைப்பார்கள். 1985-இல் தீக்கிரையான அந்தக் கட்டடம் கூரைக்கு அடியில் வரிசையாகக் கடைகள் கொண்ட சந்தை. அங்கே நடக்கும் கதைக்கு வெளிச்சமும் நிற்கும் விதமும் பேரம் பேசும் தோரணையும் வேறாகிவிடும். இரண்டையும் கலந்து எழுதினால் அந்த இடங்களை அறிந்த வாசகர் இரண்டாம் பத்தியிலேயே வெளியேறிவிடுவார்.

இரண்டாம் படி: பணக் கணக்கு

ஆளுக்கு ஒன்று என்ற விதியை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பது கதையில் நேரடியாக வர வேண்டியதில்லை; ஆனால் எழுதுகிறவருக்குக் கச்சிதமாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் கதையில் பாட்டியின் சுருக்குப் பையில் இருநூறு ரூபாய் இருக்கிறது. வீட்டில் இடமில்லை என்று மகன் சலித்துக்கொள்வதால் இரண்டுக்கு மேல் கொண்டுபோனால் பேச்சு வரும். இவ்வளவு போதும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசையும் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பாட்டியும் பேத்தியும் நடந்தே வீடு திரும்பினார்கள் என்று முடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாட்டியும் பேத்தியும் காசில்லாமல் வீடு போய்ச் சேரலாம் என்பதால் அந்த உருக்கம் அங்கே செல்லாது. பேரனாக இருந்தால் அரை டிக்கெட் எடுக்க வேண்டும், அப்போது கணக்கு வேறு. கதை 1990-களில் நடந்தாலும் வேறு. எந்த ஆண்டு, பிள்ளை பெண்ணா பையனா என்று முதலில் முடிவுசெய்துவிட்டே காசைப் பற்றி எழுத உட்காருங்கள். எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பேரம் பேசும் காட்சியில் இருபது ரூபாய் இடித்தாலும் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாம் படி: இரண்டு புத்தகங்கள்

கதையில் வரும் புத்தகத்துக்குப் புகழ்பெற்ற ஒரு நாவலின் பெயரைச் சூட்டுவது எளிது, ஆனால் ஆபத்து. அந்தப் பெயரைப் பார்த்ததும் வாசகர் தம் சொந்த அபிப்பிராயத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். உங்கள் பாட்டி பின்னுக்குப் போய்விடுவார். தலைப்பே சொல்லாமல் பொருளாகக் காட்டுங்கள்: என்ன கனம், எப்படிப்பட்ட அட்டை, எங்கே கிழிந்திருக்கிறது என்று.

அதற்கு முன்னால் தார்ப்பாயில் உண்மையில் என்ன கிடக்கும் என்பது தெரிய வேண்டும். பாதிக்கு மேல் பாடநூல்களும் பழைய கெய்டுகளும் போட்டித் தேர்வு வினா வங்கிகளும்தான். பிறகு தடித்த ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள், காலாவதியான கணினி நூல்கள், மாத நாவல்கள், முதல் பக்கத்தில் "மணமக்களுக்கு அன்புடன்" என்று யாரோ மையில் எழுதிக் கொடுத்த திருமணப் பரிசுகள். அவற்றுக்கு நடுவே அபூர்வமாக, வார இதழில் வந்த தொடர்கதையை வாரம்தோறும் கத்தரித்துச் சேர்த்து வீட்டாரே பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பு ஒன்று தலைகாட்டும். வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கி, பழைய பேப்பர் கடையில் எடைக்கு விழுந்து, அங்கிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டு வந்திருக்கும். கதையின் எழுத்துக்காக அதைத் தேடுகிறவர்களைவிட, புத்தகமாக வந்தபோது விடுபட்டுப்போன ஓவியங்களுக்காகத் தேடுகிற சேகரிப்பாளர்கள் அதிகம். கோபுலு, மணியம் போன்றோரின் கோடுகள் உள்ள பக்கங்கள் என்றால் கடைக்காரர் விலையைக் கூசாமல் ஏற்றுவார்.

பாட்டிக்கு அப்படிப்பட்ட பைண்டு தொகுப்பு ஒன்றைக் கொடுப்போம். பன்னிரண்டு வயதில் அவர் வாரம்தோறும் காத்திருந்து படித்த கதை அது. பேத்திக்கு, படங்கள் நிறைந்த ஆங்கிலப் பாம்புப் புத்தகம். பாட்டிக்குப் பாம்பு என்றாலே ஆகாது என்பதால், "ஆளுக்கு ஒன்று, அவரவர் இஷ்டம்" என்ற விதி அவரையே திருப்பிக் கடிக்கிறது. சிறுமி கையில் ஒரு நீதிக்கதைப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். பெரியவர்கள் விரும்பும் புத்தகத்தைப் பிள்ளை தானாகவே எடுத்தால் அங்கே தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை.

இன்னொரு தவிர்ப்பும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட்டி திறந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய சொந்தப் பெயரே இருந்தது என்ற தற்செயலை எத்தனையோ கதைகளில் பார்த்துவிட்டோம். அதே கதை போதும், அதே பிரதி வேண்டாம். வேறு யாரோ ஒரு குடும்பம் கத்தரித்துச் சேர்த்தது என்பதே நல்லது. ஊரில் எத்தனை வீடுகளில் அதே வேலை நடந்தது என்பது தானே புரியும்.

நான்காம் படி: எடுப்பதும் வைப்பதும்

கதையின் நடுப்பகுதி இதுதான், பாதிச் சொற்களை இங்கே செலவழியுங்கள். பேத்தி மலர் முதலில் எடுப்பது ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம். பாதிப் பக்கங்களில் வேறொரு குழந்தை ஏற்கெனவே தீட்டியிருப்பதைப் பார்த்து, அந்தக் குழந்தை வானத்துக்குப் பச்சை அடித்திருப்பதைக் குறை சொல்லிவிட்டு வைக்கிறாள். பாட்டி கேட்டு வாங்குவது ஒரு சமையல் புத்தகம், ஒரு பக்கம் புரட்டி, "புளி ஊத்துனப்புறமா காய் போடச் சொல்றான், வேகுமா அது?" என்று திருப்பிக் கொடுக்கிறார். வைத்துவிட்ட புத்தகத்துக்கு ஒவ்வொருவரும் சொல்லும் காரணமே பாத்திர அறிமுகம். அதற்கு மேல் பாட்டி கெட்டிக்காரி என்றோ மலர் துடுக்கானவள் என்றோ எழுதினால் அந்த வரியை அடித்துவிடலாம்.

பைண்டு தொகுப்பு கிடைக்கும் காட்சியை நெருங்கி நின்று எழுத வேண்டும். பாட்டி மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பேத்திக்குக் கண் தெரிகிறது. ஆனால் ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதோடு, தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். அதற்கு முன் அச்சான பக்கங்களில் "லை", "ணை", "னா", "றா" போன்றவை இன்றைய பாடநூலில் இல்லாத வடிவில் இருக்கும். மலருக்கு அவை முன்பின் பாராத எழுத்துகள். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

> "என்னா போட்டிருக்கான்னு படி கண்ணு."
>
> மலர் பக்கத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். யாரோ ஒருவருடைய பை அவள் தலையில் இடித்துவிட்டுப் போனது.
>
> "அன்று… கா… ஆயா, இது தமிழே இல்ல."
>
> "ஏன், என்னா?"
>
> "ல முன்னாடி என்னவோ சுருட்டிக்கிட்டு இருக்கு. யானை தும்பிக்கை மாதிரி."
>
> ஆயா குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.
>
> "அது லை. காலை. அன்று காலை மாட்டுவண்டி மணல்ல எறங்கமாட்டேன்னு நின்னுச்சு. அதானே?"
>
> மலர் விரலை வைத்து வைத்து மீதியைப் படித்தாள். ஏறத்தாழ அதுதான் இருந்தது.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியது, பாட்டிக்கு இந்தக் கதை முன்பே தெரியும் என்பதை விவரிப்பவர் எங்கும் சொல்லவில்லை என்பதுதான். "அந்தக் கணத்தில் அவள் சிறுமியானாள்" என்று ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் மேலே உள்ள உரையாடல் வீண். "ஏறத்தாழ" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். அச்சு அசலாக அதே வாக்கியத்தைப் பாட்டி ஒப்பித்தால் அது வித்தை காட்டுவதாகிவிடும். அறுபது ஆண்டு நினைவு ஓரிரு சொற்களைத் தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டிருக்கும்.

நடையைப் பற்றியும் ஒன்று. விவரிப்பவர் எழுத்துத் தமிழிலும், பாத்திரங்கள் தங்கள் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். திருவல்லிக்கேணித் தெருவில் வளர்ந்த இந்தக் குடும்பத்தில் பிள்ளை "ஆயா" என்று கூப்பிடுகிறாள். உங்கள் கதை மதுரையிலோ காரைக்குடியிலோ நடந்தால் அங்கே வழங்கும் உறவுப்பெயருக்கு முழுவதுமாக மாறுங்கள். விவரிப்பிலும் அதே பெயரைப் பயன்படுத்தினால் கதை பேத்தியின் பக்கம் சாய்கிறது. எனக்கு அந்தச் சாய்வு பிடிக்கும், ஏனென்றால் பாட்டியின் மனத்துக்குள் போகும் வழி அடைபட்டுவிடுவதால் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே காட்டியாக வேண்டும்.

ஐந்தாம் படி: கடைக்காரரும் விலையும்

நடைபாதைக் கடையில் "எது எடுத்தாலும் ஐம்பது" என்று ஒரு குவியல் தனியாகக் கிடக்கும்; மற்றவற்றின் விலை புத்தகத்தில் பாதி, கேட்கிறவர் முகத்தில் பாதி. ஆசையோடு எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு "எவ்வளவு?" என்று கேட்டால் விலை ஏறிவிடும் என்பது பழகிய ஆட்களுக்குத் தெரியும். ஆகவே பாட்டி தொகுப்பை வைத்துவிட்டுப் பாம்புப் புத்தகத்தின் விலையை முதலில் கேட்பார். எண்பது. பிறகு அலட்சியமாக மற்றதைக் காலால் சுட்டப் போய், புத்தகம் என்பதால் காலை இழுத்துக்கொண்டு கையால் காட்டுவார். இருநூற்றைம்பது. ஓவியங்களைப் பார்த்துத்தான் கடைக்காரர் இந்த விலை சொல்கிறார்.

இப்போது கதைக்கு ஒரு திருப்பம் தேவை. அதை வெளியிலிருந்து கொண்டுவராமல் புத்தகத்திலிருந்தே எடுங்கள். பைண்டு தொகுப்புகளில் முதலும் கடைசியுமான தாள்கள்தாம் முதலில் உதிரும்; அட்டையோடு ஒட்டிய இடத்தில் தையல் விட்டுப்போகும், இராமபாணப் பூச்சியும் பசை இருக்கும் ஓரத்தையே நாடும். நம் தொகுப்பில் கடைசி இரண்டு வாரப் பக்கங்கள் இல்லை. முடிந்த தொடர்கதையின் கடைசிப் பக்கத்தில் "முற்றும்" என்று இருக்க வேண்டும். கடைக்காரர் இதைப் பார்க்கவில்லை. மலர் பார்க்கிறாள், அவளுக்கு அதன் பொருளாதாரம் தெரியாது, வாசிக்கத் தெரிந்த சொல் ஒன்று கிடைத்த மகிழ்ச்சி மட்டும்தான்.

> "தொ… ட… ரு… ம்," என்று மலர் உரக்கப் படித்தாள். "தொடரும்! இதுல எல்லாம் சாதா எழுத்துதான்."
>
> ஆயா கடைக்காரரைப் பார்த்தாள். கடைக்காரர் மலரைப் பார்த்தார்.
>
> "ஏம்பா, முடிவே இல்லாத கதைக்கா இருநூத்தம்பது?"
>
> "படத்தப் பாரு ஆயா. இந்தப் படத்துக்கே ஆள் வருவான்."
>
> "வர்ற ஆளுக்குக் குடு. நூறு தரேன்."
>
> "கட்டுப்படி ஆவாது."
>
> ஆயா மலரின் கையைப் பிடித்தாள். இரண்டு அடி நடந்தார்கள், கூட்டம் அதற்கு மேல் விடவில்லை.
>
> "சரி, பாம்பும் சேத்து எரநூறு. எடுத்துக்கினு போ."

கடைக்காரரை இரக்கமற்றவராகவும் காட்டாதீர்கள், இரங்கிப்போய் இலவசமாகக் கொடுக்கிறவராகவும் காட்டாதீர்கள். இலவசமாகக் கொடுத்த நொடியில் நீங்கள் கட்டிய கணக்கு முழுவதும் சரிந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரு விலை பேசுவது அவர்களுடைய அன்றாட வழக்கம். அவருக்கும் நட்டம் இல்லை. சுருக்குப் பையில் இருந்ததே அவ்வளவுதான் என்பது பாட்டிக்கும் வாசகருக்கும் மட்டுமே தெரியும். கூட்டம் இரண்டு அடிக்கு மேல் விடாதது தற்செயல் அன்று: முதல் படியில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது. ஆளில்லாத கடையாக இருந்தால் பாட்டி இன்னும் தூரம் நடந்திருப்பார், பேரமும் இன்னும் நீண்டிருக்கும்.

ஆறாம் படி: முடிக்கும் இடம்

முதலில் தோன்றும் முடிவு, பாட்டி தனக்கென்று எடுத்ததைப் பேத்திக்கும் பேத்தி தனக்கென்று எடுத்ததைப் பாட்டிக்கும் கொடுத்துவிடுவது. கேட்க இனிமையாக இருந்தாலும், அவரவர் ஆசைக்கு நீங்கள் அதுவரை கொடுத்த மரியாதையை அது பறித்துவிடும். எண்பது ரூபாய்ப் பாம்புப் புத்தகம் கடைசி வரை பேத்தியுடையதாகவே இருக்க வேண்டும். பாட்டி அதன் அட்டையைத் தொடக்கூட மறுக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்துப் பேத்தி வளர்ந்து அந்தத் தொகுப்பைத் திறப்பதாக ஒரு தாவலும் வேண்டாம். கதை ஒரு மாலைக்குள் அடங்குவதால்தான் அதற்கு இறுக்கம்.

எனக்குச் சரியாகப் படுவது, பணம் கைமாறியபின் நாலைந்து வரிகளில் நிறுத்துவது. அந்த வரிகளில் ஒரு கேள்வி எழ வேண்டும். அது பிள்ளையின் தர்க்கத்தில் அமைந்த கேள்வியாக இருந்தால், அதற்குப் பெரியவர்களால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.

> "முடிவு இல்லாததை ஏன் ஆயா வாங்குன?"
>
> "முடிவு எனக்குத் தெரியும்டி."
>
> "அப்போ முன்னாடி இருக்கிறதும் தெரியும்ல? அப்புறம் எதுக்கு?"
>
> ஆயா பையின் கயிற்றை இழுத்து இறுக்கினாள். அதில் இறுக்குவதற்கு ஒன்றும் இல்லை.
>
> "பாம்ப அந்தப் பக்கம் புடி," என்றாள்.

ஏழாம் படி: திருத்தம்

எழுதி முடித்ததை ஓரிரு நாள் ஆறப் போட்டுவிட்டு மூன்று பார்வையில் படியுங்கள். முதல் பார்வை பணத்துக்கு: இருநூறு, எண்பது, இருநூற்றைம்பது, நூறு, இருநூறு என்று வரிசை சரியாக இருக்கிறதா, பாட்டியிடம் எவ்வளவு இருந்தது என்பது பேரத்துக்கு முன்பே வாசகருக்குத் தெரிந்துவிட்டதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கடைசியில் சுருக்குப் பை காலியாக இருப்பது ஒன்றும் உணர்த்தாது. இரண்டாம் பார்வை கைகளுக்கு: தொகுப்பு இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். தரையிலிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று புத்தகங்கள் நகரும் கதை இது. எழுதும் வேகத்தில் ஒரே புத்தகம் இருவர் கையிலும் இருந்துவிடும். மூன்றாவது, வாசனையைப் பற்றிய வரிகள். பழைய தாளின் மணத்தைப் பற்றி எழுதாத புத்தகக் கதையே இல்லை என்பதால், அப்படி ஒரு வரி இருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணால் பார்த்த ஒன்றை வையுங்கள். பச்சை வானம் அப்படி வந்ததுதான்.

இதழ்கள் ஆயிரம் சொற்களுக்குள் கேட்டால் குறைக்க வேண்டியது தொடக்கத்தைத்தான். பஸ்ஸில் வந்தது, கடற்கரைக்குப் போகலாமா என்று பேசியது, வீட்டில் இடமில்லை என்று மகன் சொன்னது எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பாட்டி சமையல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரியிலிருந்தே தொடங்கலாம். அதற்கும் மேல் குறைக்க வேண்டுமானால் வண்ணம் தீட்டும் புத்தகத்தையும் விட்டுவிடலாம். பழைய "லை" வரும் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது போனால், "தொடரும்" என்ற சொல்லை மலர் ஏன் அவ்வளவு உரக்கப் படித்தாள் என்பதற்குக் காரணம் இருக்காது.